காலி இடம் கண்ணில் படும்படி ஒரு தன்னார்வலர் அட்டவணை

பொது நிகழ்ச்சி ஒன்றுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "ஆள் போதுமா?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வருகிற பதில் ஒரு தலை எண்ணிக்கைதான். "31 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், கவலை இல்லை." கேட்டவரும் நிம்மதியாகப் போய்விடுவார். நிகழ்ச்சி அன்று காலையில் வாசலில் ஆறு பேர் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நண்பகலில் முதலுதவி மேசை ஆளில்லாமல் கிடக்கும். மாலையில் நாற்காலிகளை மடித்து அடுக்க இரண்டே பேர் மிஞ்சுவார்கள். 31 பேரும் வந்திருப்பார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. யாரும் வாக்குத் தவறவில்லை.

தன்னார்வலர் திட்டம் என்றால் தன்னார்வலர்களின் பட்டியல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் வருகிற சிக்கல் இது. பெயர்ப் பட்டியல் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். யார் இல்லை என்பதை அதனால் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. இல்லாதவருக்கு அதில் வரிசையே கிடையாதே!

## இடம் முதலில், பெயர் பிறகு

ரயிலின் முன்பதிவுப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் பதிவு செய்வதற்கு முன்பே இருக்கை எண்கள் அதில் இருக்கின்றன. 17ஆம் எண்ணை யாரும் வாங்கவில்லை என்றால், 16க்கும் 18க்கும் நடுவே அது வெறுமையாகத் தெரியும். இருக்கை எண்ணே இல்லாமல் பயணிகளின் பெயர்களை மட்டும் எழுதி வைத்திருந்தால், இன்னும் எத்தனை இருக்கை மிச்சம் என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தன்னார்வலர் அட்டவணையும் அப்படித்தான் அமைய வேண்டும். இங்கே இருக்கைக்கு நிகரானதை இந்தக் கட்டுரையில் இடம் என்று அழைப்போம். ஒரு பணி, ஒரு ஷிப்ட், ஓர் ஆள் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஓர் இடம். பணி என்பது செய்ய வேண்டிய வேலை; எடுத்துக்காட்டாக, வரவேற்பு மேசையில் உட்காருவது. ஷிப்ட் என்பது அந்த வேலையை ஒருவர் தொடர்ந்து பார்க்கும் நேரத் துண்டு. வரவேற்பு மேசைக்குக் காலை ஷிப்டில் இரண்டு பேர் வேண்டும் என்றால் அது இரண்டு இடங்கள். ஒரே மாதிரியான இரண்டு இடங்களாக இருந்தாலும் அட்டவணையில் அவை இரண்டு வரிசைகள்.

பெயர் எதுவும் தெரியாத நாளிலேயே இந்த இடங்களை எல்லாம் எழுதி முடித்துவிட வேண்டும். முதல் நாள் அட்டவணையில் எல்லா இடமும் காலியாக இருக்கும். பார்க்கச் சற்றுக் கலக்கமாக இருந்தாலும் அந்தக் கலக்கம் நல்லது.

## ஒரு நிகழ்ச்சியை இடங்களாக உடைப்பது

ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் புத்தகப் பரிமாற்றம். படித்து முடித்த புத்தகங்களை மக்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், வேறு புத்தகங்களை எடுத்துப் போவார்கள். பொதுமக்களுக்குக் காலை 10 முதல் மாலை 4 வரை அனுமதி.

முதலில் நேரத்தை வெட்டிக்கொள்வோம். அரங்கைத் தயார் செய்ய 8:00 முதல் 9:45 வரை ஒரு ஷிப்ட். இதற்குத் தயாரிப்பு என்று பெயர் வைப்போம். பிறகு காலை 9:45–12:00, நண்பகல் 11:45–2:00, பிற்பகல் 1:45–4:00. கடைசியாக எல்லாவற்றையும் எடுத்து வைக்க 4:00–5:30, இது நிறைவு.

நடுவில் உள்ள மூன்று ஷிப்டுகளும் கால் மணி நேரம் ஒன்றன் மேல் ஒன்று படிவதைக் கவனித்திருப்பீர்கள். வேலையைக் கைமாற்றிக் கொடுக்க அந்த 15 நிமிடம் தேவை. 12:00 மணிக்கு ஒருவர் எழுந்து போய், அதே 12:00 மணிக்கு இன்னொருவர் வர வேண்டும் என்று எழுதினால், நடைமுறையில் மேசை சிறிது நேரம் காலியாகத்தான் இருக்கும். வருகிறவர் தாமதிப்பார், போகிறவர் சாவி எங்கே என்று சொல்லாமல் போய்விடுவார். காகிதத்தில் இடைவெளியே இல்லாத திட்டம், நேரில் இடைவெளியோடு ஓடும்.

அடுத்து, ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை பேர் என்று முடிவு செய்ய வேண்டும். "மேசைக்கு இரண்டு பேர்" என்று எல்லா நேரத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. வேலையின் அலை அப்படி இருப்பதில்லை. புத்தகம் பெறும் மேசையில் காலையில்தான் கூட்டம் குவியும். ஒருவர் எண்ணிச் சீட்டு எழுத, ஒருவர் வகை பிரிக்க, ஒருவர் உள்ளே தூக்கிச் செல்ல மூன்று பேர் வேண்டும். பிற்பகலில் கொண்டுவருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள், ஒருவர் போதும். வாங்கிய புத்தகங்கள் நண்பகலுக்குள் மலையாகச் சேர்ந்துவிடும் என்பதால், அடுக்கும் பணிக்கு நண்பகலில்தான் அதிக ஆள் தேவை.

இப்படி யோசித்துப் போட்ட கணக்கு இது:

| பணி | தயாரிப்பு | காலை | நண்பகல் | பிற்பகல் | நிறைவு |
|---|---|---|---|---|---|
| அரங்க வேலை | 6 | – | – | – | 6 |
| வரவேற்பு | – | 2 | 2 | 2 | – |
| புத்தகம் பெறுதல் | – | 3 | 2 | 1 | – |
| அடுக்குதல் | – | 2 | 3 | 2 | – |
| வாகன நிறுத்தம் | – | 2 | 1 | 2 | – |
| முதலுதவி | – | 1 | 1 | 1 | – |
| மாற்றாள் | – | 1 | 1 | 1 | – |

மாற்றாள் என்பவர் எந்த மேசைக்கும் கட்டுப்படாமல், யாராவது வராவிட்டால் அங்கே போய் நிற்பவர். ஷிப்டுக்கு ஒருவராவது இருக்கட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 42 இடங்கள். இந்த எண்ணை ஓரிடத்தில் தனியாகக் குறித்து வையுங்கள், பின்னால் ஒரு சோதனைக்குத் தேவைப்படும்.

இதுவரை ஒரு பெயரைக்கூட எழுதவில்லை. 42 வெற்றிடங்களின் சரியான வடிவம் மட்டும் கையில் இருக்கிறது. இனிமேல்தான் விரிதாளைத் திறக்கிறோம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்றவற்றில் வரும் கட்டம் போட்ட தாளுக்குத்தான் விரிதாள் என்று பெயர். குறுக்கே ஓடுவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும் சொல்லுவோம்.

## ஒரு வரிசைக்கு ஓர் இடம்

தாளுக்கு `இடங்கள்` என்று பெயர் வைத்து, முதல் வரிசையில் ஒன்பது தலைப்புகளை எழுதுங்கள்: A எண், B பணி, C ஷிப்ட், D தொடக்கம், E முடிவு, F பெயர், G தொலைபேசி, H உறுதி செய்த தேதி, I நிலை. இரண்டாம் வரிசை முதல் 43ஆம் வரிசை வரை 42 இடங்கள்.

| எண் | பணி | ஷிப்ட் | தொடக்கம் | முடிவு | பெயர் |
|---|---|---|---|---|---|
| 13 | புத்தகம் பெறுதல் | காலை | 9:45 | 12:00 | (எழுதியாயிற்று) |
| 14 | புத்தகம் பெறுதல் | காலை | 9:45 | 12:00 | (எழுதியாயிற்று) |
| 15 | புத்தகம் பெறுதல் | காலை | 9:45 | 12:00 | |

பார்த்தவுடன் பலருக்குக் கை துறுதுறுக்கும். "புத்தகம் பெறுதல், காலை" என்பதை மூன்று முறை எழுதுவானேன், ஒரே முறை எழுதி மூன்று கட்டங்களையும் ஒன்றாக இணைத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். இணைத்த கட்டங்கள் உள்ள தாளை நேர வாரியாக வரிசைப்படுத்த முயன்றால் மென்பொருள் மறுக்கும். இணைக்காமல் கீழ்க் கட்டங்களை வெறுமனே விட்டிருந்தால், வரிசைப்படுத்திய பிறகு எந்த வரிசை எந்தப் பணிக்கு உரியது என்றே தெரியாமல் சிதறிவிடும். ஒவ்வொரு வரிசையும் தனியாக வெட்டி எடுத்தாலும் பொருள் தருவதாக இருக்க வேண்டும்.

இதைவிடக் கெட்ட பழக்கம், ஒரே கட்டத்துக்குள் இரண்டு பெயரைக் காற்புள்ளி போட்டு எழுதுவது. மூன்று பேர் தேவைப்படும் கட்டத்தில் இரண்டு பெயர் இருந்தால் அது நிறைந்த கட்டம் போலவே தோன்றும். காலியான மூன்றாவது இடம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணுக்கும் தெரியாது, கணக்கிடும் சூத்திரத்துக்கும் தெரியாது. நான் பார்த்தவரையில் அட்டவணை பொய் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் காற்புள்ளியில்தான்.

பணி, ஷிப்ட் ஆகிய பெயர்களைக் கையால் அடிக்காமல், தேர்வுப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி வைப்பது நல்லது. `Data validation` என்ற வசதி அதற்கு உதவும். "வரவேற்பு" என்று ஓரிடத்திலும் "வரவேற்பு மேசை" என்று வேறோர் இடத்திலும் இருந்தால், கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பணிகள்.

## தொடர்புப் பத்திகளில் எவ்வளவு வேண்டும்

தன்னார்வலர் படிவத்தில் எல்லாம் கேட்பார்கள்: முகவரி, மின்னஞ்சல், பிறந்த நாள், தொழில். இந்த அட்டவணைக்கு அவை எதுவும் தேவையில்லை. 9:50 ஆகியும் ஆள் வராதபோது யாருக்கு அழைப்பது என்ற ஒரே கேள்விக்கு விடை இருந்தால் போதும். ஆகவே, அன்று அவர் கையில் இருக்கும் தொலைபேசியின் எண். தன்னார்வலர் சிறுவராக இருந்தால் அவருடைய பெற்றோர் அல்லது காப்பாளர் எண். மற்ற விவரங்கள் வேறு தாளில் இருக்கட்டும்.

தொலைபேசிப் பத்தியில் எண்களை எழுதும் முன்பே, அந்தப் பத்தியின் வடிவத்தை `Plain text` அல்லது எக்செல்லில் `Text` என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் விரிதாள் அதைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாக நினைத்துக்கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணின் முதல் பூஜ்யம் மறைந்துவிடும். நாட்டுக் குறியீட்டின் முன்னால் உள்ள + அடையாளமும் போய்விடக்கூடும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் போன பூஜ்யம் திரும்பி வராது.

ஒருவரே இரண்டு ஷிப்டுகளில் இருக்கும்போது எண்ணைக் கீழே இழுத்து நகலெடுப்பதும் ஆபத்து. சில நேரம் விரிதாள் அதை ஒரு தொடராகக் கருதிக் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டிவிடும். பார்ப்பதற்குச் சரியான எண் போலவே இருக்கும், அழைத்தால் முன்பின் தெரியாத யாரோ எடுப்பார். நகலெடுத்து ஒட்டுங்கள், இழுக்காதீர்கள்.

இன்னொன்று. தொலைபேசி எண்கள் எல்லோரும் பார்க்க வேண்டியவை அல்ல. பொதுவில் பகிரும் தாளில் அந்தப் பத்தியை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறைத்த பத்தியை, தாளின் நகலை எடுத்துக்கொண்டவர் ஓரிரு சொடுக்குகளில் வெளியே கொண்டுவந்துவிடலாம். பொதுவில் பகிர்வதற்குத் தொலைபேசிப் பத்தியே இல்லாத தனிக் கோப்பைத் தயார் செய்யுங்கள்.

## நிலை: கையால் எழுதக்கூடாத பத்தி

பெயர் இருந்தால் இடம் நிறைந்தது என்று கொள்ளலாமா? இங்கேதான் இரண்டாவது குழப்பம். "அவர் வருவார் என்று நினைக்கிறேன்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிய பெயரும், நேரத்தைச் சொல்லிக் கேட்டுச் சம்மதம் வாங்கிய பெயரும் கட்டத்தில் ஒன்றுபோலவே தெரியும். முன்னதை நம்பலாகாது. வெற்றுக் கட்டம் குறைந்தபட்சம் ஆள் தேடச் சொல்லி நம்மை விரட்டும். உறுதியாகாத பெயரோ நம்மைத் தூங்க வைத்துவிடும்.

எனவே ஓர் இடத்துக்கு மூன்று நிலைகள்: ஆள் தேவை, உறுதி இல்லை, உறுதி. இந்தச் சொற்களை ஒருவர் கையால் எழுதினால், பெயரை மாற்றியபின் நிலையை மாற்ற மறந்துவிடுவார். அதனால் நிலையை விரிதாளே கணக்கிடட்டும். I2 கட்டத்தில் இதை எழுதி, 43ஆம் வரிசை வரை நகலெடுங்கள்:

```
=IF(LEN(TRIM(F2))=0,"ஆள் தேவை",IF(H2="","உறுதி இல்லை","உறுதி"))
```

இது சொல்வது எளிமையானது. பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் ஆள் தேவை. பெயர் இருந்து, உறுதி செய்த தேதி இல்லாவிட்டால் உறுதி இல்லை. இரண்டும் இருந்தால் உறுதி. நடுவில் உள்ள `TRIM` எதற்கு என்றால், பெயரை அழிப்பதற்கு இடைவெளி விசையைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் அந்தக் கட்டத்தில் கணினி ஒரு எழுத்து இருப்பதாகவே எண்ணும். `TRIM` அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்காது.

அதுபோலவே பெயர்க் கட்டத்தில் கோடு, கேள்விக்குறி, "பார்க்கலாம்" போன்றவற்றை எழுதக்கூடாது. அவற்றையும் சூத்திரம் ஒரு பெயராகவே எடுத்துக்கொள்ளும். பெயர் இருக்க வேண்டும், அல்லது எதுவுமே இருக்கக்கூடாது.

## நிறமும் சொல்லும்

காலி இடம் கண்ணில் பட நிறம் கொடுக்கலாம். கட்டத்தில் உள்ள மதிப்பைப் பார்த்துத் தானாக நிறம் மாற்றும் வசதியின் பெயர் `Conditional formatting`. A2 முதல் I43 வரை தேர்ந்தெடுத்து, சூத்திரமாக இதைக் கொடுங்கள்:

```
=$I2="ஆள் தேவை"
```

நிறம் அடர்த்தியானதாக இருக்கட்டும். I என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள $ அடையாளம், எந்தக் கட்டத்துக்கு நிறம் போட வேண்டுமானாலும் I பத்தியையே பார் என்று சொல்கிறது. அதனால் முழு வரிசையும் நிறம் பெறும். அது இல்லாவிட்டால் சில கட்டங்களுக்கு மட்டும் ஒட்டுப்போட்டதுபோல நிறம் வரும், அல்லது வரவே வராது. அதேபோல "உறுதி இல்லை" என்பதற்கு வெளிர் நிறத்தில் ஒரு விதி. உறுதியான இடங்களுக்கு நிறமே வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பூந்தோட்டமாக்கினால் எதுவும் கண்ணில் படாது.

நிறத்தை மட்டும் நம்பாமல் "ஆள் தேவை" என்ற சொல்லையும் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் உடையவர்களும் குழுவில் இருக்கலாம்.

இதுவரை வந்தது: ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரிசை, அதன் நிலையைத் தாளே சொல்கிறது, காலியானது நிறத்தாலும் சொல்லாலும் தெரிகிறது. ஆனாலும் 42 வரிசைகளை மேலும் கீழுமாக உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழுக் கூட்டத்தில் காட்ட ஒரே பார்வையில் அடங்கும் ஒன்று வேண்டும்.

## ஒரே பார்வையில் அடங்கும் கட்டம்

இரண்டாவது தாளில், இடப்பக்கம் பணிகளையும் மேலே ஷிப்டுகளையும் எழுதுங்கள். முன்னே நாம் போட்ட தேவைக் கணக்கின் அதே வடிவம்தான். ஆனால் இப்போது உள்ளே வருவது காலி இடங்களின் எண்ணிக்கை. B2 கட்டத்தில் இதை எழுதி, மற்றக் கட்டங்களுக்கும் நகலெடுங்கள்:

```
=IF(COUNTIFS('இடங்கள்'!$B$2:$B$43,$A2,'இடங்கள்'!$C$2:$C$43,B$1)=0,"–",
COUNTIFS('இடங்கள்'!$B$2:$B$43,$A2,'இடங்கள்'!$C$2:$C$43,B$1,'இடங்கள்'!$I$2:$I$43,"ஆள் தேவை"))
```

நீளமாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். இந்தப் பணிக்கு இந்த ஷிப்டில் இடமே இல்லை என்றால் ஒரு கோடு போடு. இருந்தால் அதில் எத்தனை காலி என்று எண்ணு. கோடு எதற்கு? அது இல்லாவிட்டால் "இங்கே யாரும் தேவையே இல்லை" என்பதும் "இங்கே எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்பதும் ஒரே 0 ஆகக் காட்சி தரும்.

நம் நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். அவர்களில் 28 பேருக்கு இடம் ஒதுக்கியாயிற்று. ஆறு பேர் இரண்டு ஷிப்டுகளை எடுத்துக்கொண்டதால் 34 இடங்களில் பெயர் இருக்கிறது. மீதி மூன்று பேர் "எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்" என்றவர்கள். கட்டம் இப்படிக் காட்டுகிறது:

| பணி | தயாரிப்பு | காலை | நண்பகல் | பிற்பகல் | நிறைவு |
|---|---|---|---|---|---|
| அரங்க வேலை | 0 | – | – | – | 4 |
| வரவேற்பு | – | 0 | 1 | 0 | – |
| புத்தகம் பெறுதல் | – | 1 | 0 | 0 | – |
| அடுக்குதல் | – | 0 | 1 | 0 | – |
| வாகன நிறுத்தம் | – | 0 | 0 | 0 | – |
| முதலுதவி | – | 0 | 1 | 0 | – |
| மாற்றாள் | – | 0 | 0 | 0 | – |

மொத்தம் 8 காலி. அதோடு, பெயர் எழுதிய 34 இடங்களில் 5 இன்னும் உறுதியாகவில்லை. அப்படியானால் திடமாகக் கையில் இருப்பவை 29. "31 பேர் இருக்கிறார்கள்" என்ற பழைய பதில் எவ்வளவு மேலோட்டமானது என்பது இப்போது புரியும்.

கட்டத்தைக் குறுக்கே படிப்பதற்கும் மேலிருந்து கீழே படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு ஷிப்டின் பத்தியில் பல பணிகள் காலியாக இருந்தால், சிக்கல் அந்த நேரத்தில் இருக்கிறது. இங்கே நண்பகல் அப்படித்தான், மூன்று வெவ்வேறு பணிகளில் ஓட்டை. சாப்பாட்டு நேரத்தை நடுவில் வெட்டும் ஷிப்டை யாரும் விரும்பி எடுப்பதில்லை. ஒரு பணியின் வரிசையில் பல ஷிப்டுகள் காலியாக இருந்தால் சிக்கல் பணியில். வேலை கடினமாக இருக்கலாம், அல்லது அதற்குரிய பயிற்சி பெற்றவர்கள் குறைவாக இருக்கலாம்.

எட்டு ஓட்டைகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. முதலுதவிக்குப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும். மாற்றாளையோ எங்கே வேண்டுமானாலும் என்ற மூன்று பேரையோ அதில் போட முடியாது. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பு அதற்கே. காலை, பிற்பகல் ஷிப்டுகளுக்கு ஏற்கெனவே உறுதியளித்த முதலுதவியாளர்கள் இருவரில் ஒருவரை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம். அவருக்கு நண்பகலில் அரை மணி ஓய்வு எப்படிக் கொடுப்பது என்பதையும் சேர்த்தே பேசிவிட வேண்டும். வரவேற்பு, அடுக்குதல், காலையில் புத்தகம் பெறுதல் ஆகிய மூன்று ஓட்டைகளுக்கும் அந்த மூன்று பேரையும் கேட்டுப் பார்க்கலாம். மிஞ்சுவது நிறைவு ஷிப்டின் நான்கு இடங்கள். இதற்குப் பொதுவாக "உதவிக்கு ஆட்கள் தேவை" என்று அறிவித்தால் மறுபடியும் காலை வேளைக்குத்தான் ஆள் வருவார்கள். "மாலை 4 முதல் 5:30 வரை மேசை நாற்காலிகளை எடுத்து வைக்க நான்கு பேர்" என்று இடத்தையே சொல்லிக் கேளுங்கள். கேட்கப்படுகிறவருக்குத் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது தெரியும், பதிலும் சீக்கிரம் வரும்.

## அட்டவணை கெட்டுப்போகும் விதங்கள்

ஒருவர் வர இயலவில்லை என்று சொல்கிறார். அட்டவணையைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய வரிசையையே நீக்கிவிடுகிறார். இது மிகவும் இயல்பாக நடக்கும் தவறு, ஆனால் விளைவு மோசமானது. ஆளோடு சேர்ந்து இடமும் போய்விட்டது. கட்டம் அங்கே 0 காட்டும், அந்தப் பணிக்கு அந்த ஷிப்டில் அது ஒன்றே இடமாக இருந்தால் கோடு காட்டும். எல்லாம் நிறைந்ததாகத் தோன்றும். நீக்க வேண்டியவை பெயர், தொலைபேசி, உறுதி செய்த தேதி ஆகிய மூன்று கட்டங்கள் மட்டுமே. வரிசை அப்படியே இருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் 42 என்ற எண்ணைக் குறித்து வைக்கச் சொன்னேன். ஓர் ஓரத்தில் `=COUNTA(A2:A43)` என்று எழுதி வையுங்கள். அது 41 என்று காட்டினால் ஓர் இடம் காணாமல் போயிருக்கிறது. புதிய இடம் சேர்க்க வேண்டுமானால் கடைசி வரிசைக்குக் கீழே எழுதாதீர்கள், 43ஆம் வரிசையைத் தாண்டியது சூத்திரங்களின் எல்லைக்குள் வராது. நடுவில் ஒரு வரிசையை நுழைத்தால் எல்லை தானாக விரியும். நிலைச் சூத்திரத்தை மட்டும் அந்த வரிசைக்கு நகலெடுங்கள்.

இரண்டாவது, விலகியவரின் பெயர் மேலேயே புதியவரின் பெயரை அடித்துவிடுவது. பழைய உறுதி தேதி அப்படியே நிற்கும். யாரும் இன்னும் அழைத்துக்கூடப் பேசாத ஒருவர் "உறுதி" ஆகிவிடுவார். பெயரை மாற்றும்போது முதலில் தேதியை அழிக்கும் பழக்கம் வேண்டும். சந்தேகமாக இருந்தால், உறுதி தேதி மிகவும் பழையதாக இருக்கிற வரிசைகளை ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள்.

மூன்றாவது, `இடங்கள்` தாளில் "ஆள் தேவை" 8 என்று வருகிறது, ஆனால் கட்டத்தைக் கூட்டினால் 7தான் கிடைக்கிறது. எங்கோ ஒரு வரிசையில் பணி அல்லது ஷிப்டின் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தேர்வுப் பட்டியலை மீறி யாரோ ஒட்டியிருப்பார்கள். வடிகட்டியில் பணிப் பத்தியைத் திறந்தால், ஒரே பணி இரண்டு எழுத்துக்கூட்டலில் நிற்பதைப் பார்க்கலாம்.

ஒருவரையே ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் போட்டுவிடுவதும் உண்டு. அதற்கும் ஒரு நிற விதி போதும்:

```
=AND($F2<>"",COUNTIFS($F$2:$F$43,$F2,$C$2:$C$43,$C2)>1)
```

ஒரே பெயர் ஒரே ஷிப்டில் இரண்டு முறை வந்தால் இது காட்டிவிடும். இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்றால் தலைப்பெழுத்தைச் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் பொய் எச்சரிக்கை வரும். அடுத்தடுத்த ஷிப்டுகளில் வேறு வேறு பணிகளில் இருப்பவரை இந்த விதி பிடிக்காது. அவருக்குக் கைமாற்றும் 15 நிமிடம் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டியதாகிவிடும். அத்தகையவர்களைப் பெயர் வாரியாக வரிசைப்படுத்திக் கண்ணால் பார்த்துக்கொள்வதே சுலபம்.

## அன்றைய நாளுக்கான அச்சுப் பிரதி

முந்தைய நாள் மாலையில் தாளைத் தொடக்க நேரம், பிறகு பணி என்ற ஒழுங்கில் வரிசைப்படுத்தி, தொலைபேசிப் பத்தியோடு ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் ஒரு பிரதி அச்சிடுங்கள். H பத்தியை அதில் மறைத்துவிட்டு, "வந்தார்" என்று ஒரு வெறும் பத்தியைச் சேர்த்தால் வருகையைப் பேனாவால் குறிக்கலாம். சுவரில் ஒட்டும் பிரதியில் பெயரும் நேரமும் மட்டும்.

அப்போதும் சில இடங்கள் காலியாகவே இருக்கலாம். அவற்றை அச்சுப் பிரதியிலிருந்து நீக்காமல் "ஆள் தேவை" என்ற சொல்லோடு அப்படியே விடுங்கள். காலையில் முன்னறிவிப்பின்றி ஒருவர் வந்து "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பார். மாற்றாளை எங்கே அனுப்புவது என்ற கேள்வியும் அதே நேரத்தில் எழும். இரண்டுக்கும் விடை அந்தத் தாளில்தான் இருக்கிறது. குழு கூடிப் பேசி ஓர் இடம் உண்மையிலேயே வேண்டாம் என்று முடிவு செய்தால் மட்டும் அந்த வரிசையை நீக்கி, தேவைக் கணக்கையும் 42 என்ற எண்ணையும் திருத்திக்கொள்ளலாம்.